கொக்கியைச் சுற்றி ஒரு கறுப்பு வளையம்

"ஒவ்வொரு ஒட்டும் ஒரு கண்ணீர்த் துளி." என் அண்ணன் மகள் எழுதிய சிறுகதையின் கடைசி வரி இது. தமிழ்மொழித் தினப் போட்டிக்காக எழுதினாள். கோட்ட மட்டத்தில் முதலிடம், வலய மட்டத்தில் இரண்டாமிடம். நடுவர்கள் அந்த வரியைத்தான் குறிப்பாகப் பாராட்டினார்களாம். வீட்டில் எல்லோருக்கும் பெருமை. எனக்கும்தான். ஆனால் அந்த வரி மட்டும் செருப்புக்குள் போன சிறு கல் மாதிரி இரண்டு மாதமாக உறுத்திக்கொண்டே இருந்தது. நான் ஹட்டன் பக்கம் இருபத்தைந்து வருசமாகத் தையல் கடை வைத்திருப்பவள். ஒட்டுப் போடுவது என் பிழைப்பு. ஒட்டுப் போடுகிற யாரும் கண்ணீர் விட்டுக்கொண்டு போட மாட்டார்கள், ஊசி கண்ணுக்குத் தெரியாது.

கதை இதுதான். ஒரு சிறுமி, பரணில் இருந்து இறக்கிய தகரப்பெட்டிக்குள் அப்பாயியின் பட்டு ரவிக்கையைக் கண்டெடுக்கிறாள். அதில் உள்ள தையல்களையும் ஒட்டுகளையும் தொட்டுத் தொட்டுப் பார்த்து, அப்பாயியின் வாழ்க்கையையே படித்துவிடுகிறாள். கல்யாணத்துக்குத் தைத்த ரவிக்கை. பிள்ளை பெற்று உடம்பு பெருத்ததும் பக்கத்தைப் பிரித்து விட்டார். தாத்தா குடித்துவிட்டு அடித்தபோது முதுகு கிழிந்தது. அக்குளில் இருக்கும் பச்சைத் துணி, இரக்கப்பட்ட யாரோ கொடுத்தது. இப்படிப் போகிறது. நன்றாகத்தான் எழுதியிருக்கிறாள், பதினைந்து வயசுக்கு மிக நன்றாக. ஆனால் கதையில் வரும் ரவிக்கை கற்பனை இல்லை. அண்ணன் வீட்டு லயத்துக்குக் கூரைத் தகரம் மாற்றியபோது பரணில் இருந்து இறங்கிய பெட்டியில் நிஜமாகவே கிடைத்தது. அவளுடைய அப்பாயி என்னுடைய அம்மா. அதனால் எனக்கு இரண்டு விதமான எரிச்சல், மகளாக ஒன்று, தையற்காரியாக ஒன்று. எங்கப்பா கை நீட்டுகிற ஆள்தான், அதை மறைக்கவில்லை. ஆனால் செய்யாத குற்றத்தை அவர் தலையில் கட்டினால் எப்படி?

"அந்தச் சட்டையக் கொண்டு வா. துவைக்காத, மடிப்ப நீவாத, இஸ்திரி போடாத. பெட்டியில இருந்த மாதிரியே ஒரு தலகாணி உறைக்குள்ள போட்டுக் கொண்டு வா" என்று போனில் சொன்னேன். பழைய பட்டு மடிப்பு மடிப்பாகத்தான் விட்டுப்போகும். வருசக் கணக்கில் ஒரே மடிப்பில் கிடந்ததைத் தண்ணீரில் போட்டு அலசினால் மடித்த கோட்டிலேயே கத்தி வைத்தது போலப் பிரிந்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கொண்டு வந்தாள். கடையை மூடிவிட்டு, வெட்டும் மேசையில் வெள்ளைத் துணி விரித்து, லைட்டைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். பக்கவாட்டு வெளிச்சம் முக்கியம். நேரே மேலிருந்து அடித்தால் துளையும் தெரியாது, தேய்மானமும் தெரியாது.

கனகாம்பரக் கலர் பட்டு, பச்சை பார்டர். முன்பக்கம் ஆறு கொக்கி. அம்மா இதை இரண்டு மூன்று தரம் போட்டுப் பார்த்திருக்கிறேன். "என் கல்யாணச் சட்டை" என்றுதான் சொல்லுவார். அதற்கு மேல் நானும் கேட்டதில்லை.

மூன்று வரிசைத் துளை

"மொதல்ல உள்ளபக்கம் திருப்பு" என்றேன். தைத்த துணியை வெளிப்பக்கமாக வைத்துக்கொண்டு யாராலும் எதையும் சொல்ல முடியாது. வெளிப்பக்கம் ஊருக்குக் காட்டுவது. பக்கத் தையலுக்கு அப்பால் உள்ளே விட்டுவைக்கும் துணியில், அந்த விடுப்பில்தான் எல்லாக் கணக்கும் கிடக்கும். இப்போது ரவிக்கையைப் பிடித்து நிற்கும் தையல் ஒன்று, மிசின் தையல். அதற்கு உள்ளே, உடம்புப் பக்கமாகக் கால் இஞ்சி தள்ளி, பிரித்தெடுத்த பழைய தையலின் துளைகள். விடுப்புப் பக்கமாக அரை இஞ்சி தள்ளி, இன்னொரு வரிசைத் துளை. பருத்தி என்றால் நாலு தரம் துவைத்ததும் ஊசித் துளை மூடிக்கொள்ளும். நெருக்கமாக நெய்த பட்டில் மூடாது. ஒரு தரம் குத்தினால் குத்தியதுதான். பட்டு ரவிக்கையைப் பிரிக்கக் கொடுத்தால் "கோடு தெரியும், பரவாயில்லையா" என்று நாங்கள் கேட்டுக்கொள்வது அதனால்தான்.

"எது மொதல்?" என்று மருமகளிடம் கேட்டேன். அவள் கதைப்படி, உள்ளே இருக்கும் சின்ன அளவுதான் முதல், உடம்பு பெருக்கப் பெருக்க வெளியே போயிருக்க வேண்டும். பார்க்கிற யாருக்கும் அப்படித்தான் தோன்றும். நான் விடுப்பை விரித்துக் காட்டினேன். வெளிக்கோட்டுக்கு அப்பால், எப்போதும் உள்ளேயே மறைந்திருந்த துணி, கடையில் வாங்கிய அன்று இருந்த அதே கனகாம்பரம். ரவிக்கையின் வெளிப்புறமோ வெளுத்துச் சாயம் போய் அவித்த இறால் மாதிரி ஆகிவிட்டது. இரண்டுக்கும் நடுவில், வெளிக்கோட்டில் இருந்து உள்ளே ஒரு பட்டை, இரண்டிலும் சேராத ஒரு நிறம். கொஞ்சம் வெளுத்தது, ஆனால் அவ்வளவு வெளுக்காதது. அந்தப் பட்டை சில காலம் வெளியே வெயில் பார்த்திருக்கிறது, அப்புறம் உள்ளே போய் ஒளிந்துகொண்டிருக்கிறது. வேறு வழியில் அந்த நிறம் வராது. அதாவது முதல் தையல் வெளியே இருக்கும் பெரிய அளவு. அந்த அளவில் அதை யாரோ கொஞ்ச காலம் போட்டிருக்கிறார்கள். அப்புறம்தான் முக்கால் இஞ்சி உள்ளே பிடித்துத் தைத்திருக்கிறார்கள்.

முக்கால் இஞ்சிதானே என்று நினைக்கக் கூடாது. முன் துணியில் முக்கால், பின் துணியில் முக்கால், ஒரு பக்கத்துக்கு ஒன்றரை இஞ்சி. இரண்டு பக்கத்துக்கும் மூன்று. டேப்பை வைத்து அளந்தேன். முதல் அளவில் மார்புச் சுற்று முப்பத்தைந்து, இரண்டாவதில் முப்பத்திரண்டு. அந்த முப்பத்திரண்டு என் அம்மா, சந்தேகமே இல்லை, அவர் கடைசி வரைக்கும் ஈர்க்குச்சி மாதிரிதான். அப்படியானால் முப்பத்தைந்து யார்? தன் கல்யாணத்துக்கு அளவெடுத்துத் தைக்கிற பெண்ணுக்கு மூன்று இஞ்சி பெரிதாகத் தைத்து, கொஞ்ச காலம் அப்படியே போடவிட்டு, அப்புறம் பிடித்துக் கொடுக்கிற டெய்லர் உலகத்தில் இல்லை.

"அத்தை, அப்ப இது அப்பாயியோட சட்டையே இல்லையா?" என்று கேட்டாள் மருமகள். அவளுக்குக் கதை போன கவலை. எனக்கு வேறு கவலை. பிடித்த தையல் கையால் போட்டது, ஒவ்வொரு தையலும் பின்னால் போய் முன்னால் வரும் பின்தையல். மேலே பார்த்தால் மிசின் மாதிரி இருக்கும், அடியில் பார்த்தால் நூல் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். கைக்குழிக்குக் கீழே அரை இஞ்சி நீளம் அந்த நூல் பிரிபடாமல் மிச்சம் இருந்தது. அம்மாவின் கை. எனக்கு ஊசி பிடிக்கச் சொல்லிக் கொடுத்த கையைத் தெரியாமல் போகுமா.

மூன்றாவது தையல் விசயத்தை மருமகளிடம் கொஞ்ச நேரம் கழித்துத்தான் சொன்னேன். அது என்னுடையது. நூல் நுனியில் ஒரு துளி வெட்டி நெருப்பில் காட்டியபோதே தெரிந்துவிட்டது. பருத்தி என்றால் கடதாசி மாதிரி எரிந்து சாம்பலாகும், பட்டு என்றால் மயிர் கருகும் நாற்றம் வரும், விரலால் நசுக்கினால் பொடியாகும். இது உருகிச் சுருண்டு கடுகு மாதிரி கெட்டியாக நின்றது. பொலியெஸ்டர் நூல். 1993 கோயில் திருவிழாவுக்கு அம்மா கொஞ்சம் பிரித்து விடச் சொன்னார். நான் தையல் பழகத் தொடங்கிய புதுசு. பழகுகிற எல்லோரும் செய்யும் தப்பைச் செய்தேன். உறுதியாக இருக்கட்டும் என்று தடித்த ஊசியைப் போட்டு, தையலைப் பொடிப் பொடியாக ஓட்டிவிட்டேன். பழைய பட்டுக்கு அது விசம். இஞ்சிக்கு இருபது துளை போட்டால், கடிதத்துக்கு ஒட்டும் முத்திரையைக் கிழிக்க ஓரத்தில் ஓட்டை போட்டு வைத்திருப்பார்களே, அதே வேலைதான். என் தையலை ஒட்டியே வலது பக்கம் இரண்டு இஞ்சிக்குப் பட்டு பிளந்து கிடக்கிறது. நூல் அறவில்லை, துணிதான் அறுந்தது. இந்த ரவிக்கையில் யாரையாவது குற்றம் சொல்ல வேண்டுமென்றால் முதலில் என்னைச் சொல்ல வேண்டும். அன்றைக்கும் அந்த இரண்டு வரிசைத் துளைகளும் என் கண் முன்னால்தான் இருந்திருக்கும். நான் பார்க்கவில்லை.

கிழிந்ததா, தேய்ந்ததா

அக்குள் ஒட்டு சுலபமாக விடுபட்டது. வேர்வை பட்டுக்கு எமன், முதலில் போவது எப்போதும் அக்குள்தான். இரண்டு அக்குளிலும் சதுரமாகப் பச்சைத் துணி ஒட்டுப் போட்டிருந்தது. யாரோ இரக்கப்பட்டுக் கொடுத்தது என்று மருமகள் எழுதியிருந்தாள். ஒட்டின் ஒரு விளிம்பில், தையலுக்குள் பாதி மறைந்து, மெல்லிய சரிகைக் கோடு. "பச்சை வேற எங்க இருக்கு?" என்றேன். கழுத்தில் இருந்தது. "கையில?" கையில் இல்லை. பட்டு ரவிக்கையில் கழுத்துக்குப் பார்டர் வைத்துக் கைக்கு வைக்காமல் விடுவார்களா? கை நுனியைத் தூக்கிப் பார்த்தோம், வெட்டி, உள்ளே மடித்து ஹெம்மிங் பண்ணியிருந்தது. கைகளின் பார்டரை வெட்டி எடுத்துத்தான் அக்குளுக்குப் போட்டிருக்கிறார் அம்மா. அழகுக்கு இருந்த துணியை எடுத்து, யார் கண்ணிலும் படாத இடத்தில் வைத்திருக்கிறார். இதில் நான் அழவெல்லாம் இல்லை. நல்ல வேலை என்றுதான் நினைத்தேன். ஒட்டுக்கும் ரவிக்கைக்கும் ஒரே பட்டு என்றால் ஒன்றாகவே நெகிழும், ஒன்று மற்றதை இழுத்துக் கிழிக்காது. நானாக இருந்தாலும் அதையேதான் வெட்டியிருப்பேன்.

முதுகுக்கு வந்தோம். தோள்பட்டை எலும்புகளுக்குக் கீழே உள்ளங்கை அளவுக்கு வெள்ளையும் பழுப்புமாக நூல் பின்னிய ஒரு இடம். மருமகள் கதையில் தாத்தா கிழித்த இடம்.

கிழிந்ததற்கும் தேய்ந்ததற்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. கிழிந்த இடத்தில் துணி குறையாது. இரண்டு ஓரத்தையும் சேர்த்து வைத்தால் பொருந்தும். பெரும்பாலும் நேர்கோடாகவோ, ஒரு மூலை திரும்பியோ இருக்கும். அங்கே ஓரத்தைச் சேர்த்துத் தைத்தால் போதும். தேய்ந்த இடத்தில் துணியே இருக்காது. சேர்க்க ஓரம் கிடையாது. நடுவில் சல்லடையாகி, விளிம்புக்குப் போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கனம் கூடி, எங்கே முடிகிறது என்றே சொல்ல முடியாது. அப்படிப்பட்ட இடத்தில் நெடுக்கே நூல் ஓட்டி, அதற்குக் குறுக்கே ஒன்று விட்டு ஒன்று மேலும் கீழுமாக நூல் கோத்து, இல்லாத துணியைப் புதிதாக நெய்ய வேண்டும். அம்மா அதைத்தான் செய்திருக்கிறார். பட்டு நூல் கிடைக்கவில்லை போல, முரட்டுப் பருத்தி நூல். முறுக்கைப் பார்த்ததும் தெரிந்தது, மாவுச் சாக்கின் வாய் தைக்கிற நூல். சரியான நுனியைப் பிடித்து இழுத்தால் சரசரவென்று ஒரே இழுப்பில் மொத்தமும் கையோடு வரும். லயத்தில் அந்த நூலை யாரும் எறிய மாட்டார்கள், அட்டையில் சுற்றி வைப்பார்கள்.

"அப்ப முதுகு எதுல தேஞ்சது?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு அவளே என்னைப் பார்த்தாள். மலையில் பிறந்த பிள்ளைக்கு அதை நான் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. கயிறு தலையில், கொழுந்துக் கூடை முதுகில். கூடை உரசுகிற இடம் எது என்று அவள் அம்மாவின் முதுகைப் பார்த்தாலே தெரியும்.

ஆனால் பட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு யாராவது கொழுந்துக்குப் போவார்களா? மருமகள் சிரித்தாள். எனக்கும் நம்பிக்கை வரவில்லை. கல்யாண வீட்டில் நாற்காலியில் சாய்ந்து தேய்ந்ததாகக்கூட இருக்கலாமே என்று பார்த்தேன். வருசத்துக்கு ஒரு தரம் போடும் சட்டை அப்படித் தேயாது. தூக்குகிற பாரம் வேண்டும், தினம் வேண்டும். அப்படியும் மனசு ஒப்பவில்லை. ஒரே ஒரு சாட்சியை வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னதற்குத்தானே அவள் கதையில் எனக்கு எரிச்சல் வந்தது.

கொக்கி

அதைத் தீர்த்தது கொக்கி. ஆறு கொக்கியும் அந்தக் காலத்து இரும்புக் கொக்கி, துருப்பிடித்தவை. மேலே உள்ள மூன்றைச் சுற்றிப் பட்டில் செங்கல் நிறத்தில் துருக்கறை. அது எல்லாப் பழைய ரவிக்கையிலும் இருக்கும். கீழே உள்ள மூன்றைச் சுற்றி மட்டும் கறை கறுப்பு. மை தொட்டு வட்டம் போட்ட மாதிரி. எதிர்ப்பக்கம் நூல் கண்ணி இருக்கும் இடத்திலும் கீழ் மூன்றுக்கு நேராகக் கறுப்பு, மேல் மூன்றுக்கு நேராகச் செம்பழுப்பு. முதலில் பூஞ்சணம் என்றுதான் நினைத்தேன், நம்ம ஊர்ப் பனிக்குப் பூஞ்சணம் பிடிக்காத பெட்டி ஏது. ஆனால் பூஞ்சணம் கொக்கி பார்த்துப் பிடிக்காது, மடிப்பிலும் முதுகிலும் புள்ளி புள்ளியாக இறைந்து கிடக்கும். இது இரும்பு தொட்ட இடத்தில் மட்டும்.

மேசைக்கு எதிரே என் பிளேன்டீக் கோப்பை இருந்தது. அதைப் பார்த்ததும்தான் உறைத்தது. கொழுந்து எடுக்கிறவர்கள் விரலைப் பாருங்கள், நகக்கண்ணும் விரல் ரேகையும் கறுத்துப் போயிருக்கும். தேயிலைச் சாற்றில் உள்ள துவர்ப்புதான் காரணம். அந்தத் துவர்ப்பு இரும்போடு சேர்ந்தால் இன்னும் மோசம், கன்னங்கரேலென்று ஆகிவிடும். பழைய காலத்தில் கடுக்காயையும் இரும்பையும் சேர்த்து எழுதுகிற மை காய்ச்சியதும் இதே கூட்டுதான்.

சரி, செய்து பார்த்துவிடலாம் என்று கடையில் கிடந்த பட்டுத் துண்டு இரண்டில் இரண்டு கொக்கி தைத்து, ஒன்றில் தண்ணீர், ஒன்றில் சாயத் தேத்தண்ணி விட்டு வைத்தோம். மறுநாள் ஒன்றுமே ஆகவில்லை. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அப்புறம்தான் புத்தி வந்தது, இப்போதைய கொக்கி முலாம் பூசியது, லேசில் துருப்பிடிக்காது. பழைய கதவில் இருந்து துருப்பிடித்த ஆணி இரண்டைப் பிடுங்கி, ஒன்றை ஈரப்பட்டில் சுற்றி வைத்தேன், இன்னொன்றைப் பச்சைக் கொழுந்து நாலைக் கசக்கி அந்தச் சாறு தேய்த்த பட்டில் சுற்றி வைத்தேன். காலையில் பிரித்தால் முதலாவது செங்கல் நிறம், இரண்டாவது கறுப்பு. இரண்டு துண்டையும் ரவிக்கைக்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து மருமகளுக்கு அனுப்பினேன்.

பத்து நிமிசம் கழித்து அவளிடமிருந்து ஒரே ஒரு கேள்வி வந்தது: "அத்தை, ஏன் கீழ் மூணு மட்டும்?"

அந்தக் கேள்விக்காக அவளுக்கு முதல் பரிசு கொடுக்கலாம். சட்டையைப் போட்டுக் கழற்றுவது என்றால் ஆறு கொக்கியிலும் கை பட வேண்டும். கொழுந்துச் சாறு காயாத கையோடு, வேலைக்கு நடுவில், கீழே உள்ள மூன்றை மட்டும் கழற்றித் திரும்ப மாட்டுவது என்றால் அதற்கு ஒரே காரணம்தான் இருக்கிறது. பிள்ளைக்காம்பராவில் பால்குடிப் பிள்ளையை விட்டுவிட்டு மலைக்குப் போகும் தாய்மார், நடுவில் பால் கொடுக்க ஓடி வருவார்கள். பீலியில் கை அலம்புவார்கள், ஆனால் அந்தக் கறை தண்ணீருக்குப் போகிற கறையா. கொக்கியைக் கழற்றிப் பிள்ளையை அணைத்துவிட்டுத் திரும்ப ஓட வேண்டும், கங்காணி நேரம் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாள், இரண்டு நாளில் அந்த வளையம் வராது. மாதக் கணக்கில் வர வேண்டும்.

என் அண்ணன் பிறந்தது 1973 கடைசியில். அம்மா திரும்ப வேலைக்குப் போனது 74இல். அந்த வருசத்தைப் பற்றி நம்மவர்களுக்கு நான் எழுத வேண்டியதில்லை. அரிசி இல்லை, மாவு இல்லை, தோட்டத்தில் பிணம் விழுந்த வருசம். பாத்திரம் பண்டத்தை விற்று மரவள்ளிக் கிழங்கு வாங்கித் தின்ற கதையை அம்மா சொல்லியிருக்கிறார். துணிக்கும் தட்டுப்பாடு என்பதைச் சொல்லியிருக்கிறார். இருந்த இரண்டு பருத்திச் சட்டையும் நைந்துபோன பிறகு எதைப் போட்டுக்கொண்டு மலைக்குப் போனார் என்பதை மட்டும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வைத்திருந்த பட்டுச் சட்டையை விற்றிருக்கலாம் என்றால், சேலை இல்லாத ஒற்றைச் சட்டையை யார் வாங்குவார்கள். அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டேன், "உனக்கு ஏதாவது ஞாபகம் இருக்கா?" "பால் குடிச்ச புள்ளைகிட்ட சட்டைக் கலரக் கேக்கிறியே" என்றான். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் சிரித்தோம். அப்புறம் அவன் போனை வைக்காமல் பேசாமலே இருந்தான்.

முப்பத்தைந்து

முப்பத்தைந்து யார் என்பது எனக்குப் பாதி தெரியும். அம்மாவுக்கு ஒரே அக்கா. சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் பெரியம்மாவின் புருசன் வீட்டார் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள், அம்மாவின் அப்பா இலங்கைக்கு எழுதினார். பெரியம்மா கல்யாணம் முடிந்து மூன்றாம் வருசம், 1971இல், ஒப்பாரிக் கோச்சி ஏறித் தலைமன்னார் போய்க் கப்பலில் இராமேஸ்வரம் இறங்கி மண்டபம் முகாமுக்குப் போனவர். இப்போது கோத்தகிரிப் பக்கம் இருக்கிறார். அங்கேயும் தேயிலைதான். அம்மா கல்யாணம் 72இல். அக்கா போகும்போது தங்கைக்குக் கொடுத்துவிட்டுப் போன சட்டை என்று நானே மனசுக்குள் ஒரு கதை எழுதி முடித்துவிட்டேன். பாருங்கள், மருமகளைச் சொல்லிவிட்டு.

வாட்ஸ்அப்பில் கூப்பிட்டோம். பெரியம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம், கண் நல்ல தெளிவு. மருமகள் ரவிக்கையைக் கெமராவுக்கு நேராகப் பிடித்ததும் கொஞ்ச நேரம் பார்த்தார். "நீங்க அம்மாவுக்குக் குடுத்ததா, பெரியம்மா?" என்று கேட்டேன்.

"நான் குடுத்தேனா? யாரு சொன்னது? திருடிட்டா!" என்றார். "பெட்டி கட்டின ராத்திரி வரைக்கும் சேலைக்குள்ள வச்சிருந்தேன். மண்டபத்துல தொறந்து பாத்தா சேலை இருக்கு, சட்டையக் காணோம். என் கல்யாணச் சட்டை! ஆளப் புடிச்சு காயிதம் எழுதிப் போட்டேன், ஒழுங்கா அனுப்பிவிடுடீன்னு."

"அம்மா என்ன எழுதினாங்க?"

"வேணும்னா நீயே வந்து வாங்கிக்கன்னு எழுதினா."

இந்தப் பக்கம் இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. பெரியம்மாதான் திரும்பப் பேசினார். கை நுனியைக் காட்டச் சொன்னார். மருமகள் காட்டினாள். "பார்டரு எங்க?" என்றார். வெட்டி அக்குளுக்குப் போட்டிருக்கிறார் என்று சத்தமாகச் சொன்னேன். காதில் விழவில்லையோ என்று இரண்டாவது தரம் சொல்லப் போனேன்.

"கேட்டுச்சு, கேட்டுச்சு. கிட்ட காட்டு" என்றார். மருமகள் அக்குளைத் திருப்பிக் கெமராவை ஒட்டிப் பிடித்தாள். திரையில் பெரியம்மாவின் நெற்றி மட்டும் தெரிந்தது, அவ்வளவு கிட்டக் குனிந்திருந்தார்.

"ரெண்டு பக்கமும் ஒரே அளவாப் போட்டிருக்காளா?"

டேப்பை வைத்துப் பார்த்துச் சொன்னேன். ஒரே அளவுதான்.